ஆம்பூரில் கணக்கு ஆரூடக்காரர் ஆவது எப்படி?

பிப்ரவரி வந்துவிட்டால், வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை எந்த ஜெராக்ஸ் கடையிலும் ஒரு கட்டுக் காகிதம் தயாராக இருக்கும். "பத்தாவது மேக்ஸ், கண்டிப்பா வரும்" என்று மேலே எழுதியிருக்கும். ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வரும் அம்மா, பையனுக்காக அதை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார். அந்தக் கட்டைத் தயாரிப்பவராக நீங்களும் ஆகலாம். தகுதி எதுவும் வேண்டாம். இணையத்தில் ஏற்றிவைத்திருக்கும் பழைய வினாத்தாள் பிடிஎஃப்கள் போதும்.

முதல் வேலை, கிடைத்ததையெல்லாம் ஒன்றாகக் குவிப்பது. மார்ச் 2019 தாளைக் கட்டாயம் சேருங்கள். அது பழைய பாடநூலுக்கான தாள், புதுப் புத்தகம் 2019-20இல்தான் வந்தது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வேலூர் மாவட்டக் காலாண்டுத் தாள், திருப்பத்தூர் மாவட்ட அரையாண்டுத் தாள், பெற்றோர் ஆசிரியர் கழக மாதிரித் தாள் எல்லாம் பொதுத்தேர்வுத் தாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் பார்த்தால் கையில் நிற்பது சொற்பம். 2020, 2021 இரண்டு ஆண்டும் பள்ளி மாணவர்களுக்குப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. 2022இல் நடந்தது குறைத்த பாடத்திட்டத்தில். அந்தத் தாளில் ஒரு பகுதி வராததற்கு, அது பாடத்திலேயே இல்லாதது காரணமாக இருக்கலாம். ஆரூடக்காரர் மட்டும் அதை "மூணு வருஷமா வரலை, இந்த வருஷம் நிச்சயம்" என்று படிப்பார். வினாத்தாள் தயாரிப்பவர் உங்கள் கணக்கேட்டைப் பார்த்துப் பாக்கி தீர்ப்பதில்லை என்பதை வெளியே சொல்லாதீர்கள்.

அடுத்து, பட்டியலை நீளமாக்குங்கள். ஐந்து மதிப்பெண் பகுதியில் 14 கேள்வி, எழுத வேண்டியது 10. பாடநூலில் இயல்கள் மொத்தம் 8. எந்த ஆண்டானாலும் A×(B∩C) சரிபார்த்தல், தேல்ஸ் தேற்றம், ஏற்றக்கோணம், மாறுபாட்டுக் கெழு, இரண்டு பகடை ஆகியவற்றில் சில தலைகாட்டத்தான் செய்யும். அறுபது கணக்கைப் பட்டியலில் போட்டுப் பத்து வந்துவிட்டால் "பத்துக்குப் பத்து" என்று போஸ்டர் அடிக்கலாம். மீதி ஐம்பதை யாரும் எண்ணப்போவதில்லை.

தொழிலுக்கு ஆபத்தான இடம் ஒன்று உண்டு. அது 44ஆம் கேள்வி, வரைபடம், 8 மதிப்பெண். இருபடி வரைபடம் திரும்பத் திரும்ப வருவது உண்மைதான். ஆனால் திரும்பி வருவது கணக்கின் வகை. கணக்கே அப்படியே வந்தாக வேண்டும் என்றில்லை. y = x² − 5x − 6 வரைந்து, அதைக் கொண்டு x² − 5x − 14 = 0 தீர்க்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் y = 8 என்ற கிடைக்கோடு. அது வளைவரையை வெட்டும் இடங்களில் x = 7, −2. உங்கள் கட்டைப் படித்த பையன் "7, −2" என்று உருப்போட்டுக்கொண்டு போகிறான். தாளில் அதே வளைவரை, ஆனால் x² − 5x − 6 = 0 தீர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது கோடு x அச்சேதான், விடை 6, −1. படத்தைச் சரியாக வரைந்து, பழைய விடையைக் கீழே எழுதிவிட்டு வருவான்.

ஆகவே, "வரைபடம் வரும்" என்று எழுதுங்கள், தவறில்லை. அதற்குப் பக்கத்தில் "இரண்டாவது சமன்பாடு மாறும், கழித்துப் பழகு" என்று எழுதிவிடாதீர்கள். அப்புறம் அவனுக்கு உங்கள் கட்டு வேண்டியிருக்காது.

28ஆம், 42ஆம் கேள்விகளைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. இரண்டும் கட்டாய வினா. மற்றவற்றில் நாலு கேள்வியை விட்டுத் தப்பலாம், இங்கே அந்த வழி கிடையாது. எந்த இயலிலிருந்தும் கேட்கலாம். "முதல் இயலையும் எட்டாவதையும் விட்டுடு, சாய்ஸ் இருக்கு" என்று நீங்கள் சொன்ன பிள்ளை மாட்டுவது இங்கேதான். இரண்டு இயலை விட்டால் ஐந்து மதிப்பெண் பகுதியில் கிடைக்கும் சாய்ஸ் அதிலேயே தீர்ந்துபோகலாம். அதற்குப் பிறகு தெரிந்த கணக்கில் தடுக்கினாலும் மாற்று இல்லை.

கடைசியாக ஒரு சோதனை. இதை எந்த ஆரூடக்காரரும் தன் மீது செய்துகொள்வதில்லை. 2025 தாளை எடுத்து மறைத்துவிடுங்கள். 2023, 2024 தாள்களை மட்டும் வைத்துப் பட்டியல் போடுங்கள், இருபது கணக்குக்கு மேல் கூடாது. பிறகு மறைத்த தாளைத் திறந்து, எத்தனை வகை வந்தது, எத்தனை கணக்கு எண் மாறாமல் அப்படியே வந்தது என்று தனித்தனியாக எண்ணுங்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பிப்ரவரியில் கட்டு வாங்கும் முன், விற்பவரிடம் இந்த இரண்டு எண்ணையும் கேளுங்கள்.