விலை குறைக்கும் வள்ளல்கள்

விமான டிக்கெட் விலையை ஒப்பிட்டுக் காட்டும் தளங்களைப் போலக் கருணை உள்ளவர்களை இந்தக் கலியுகத்தில் பார்க்க முடியாது. விமானம் ஒன்றுதான், புறப்படும் நேரமும் ஒன்றுதான். ஆனாலும் ஆளுக்கொரு விலை சொல்லி, நம்மைத் திக்குமுக்காட வைக்கும் தாராளம் வேறு யாருக்கு வரும்?

அவர்களுடைய ஞாபகசக்தியைச் சொல்லி மாளாது. ஸ்கைஸ்கேனர், கயாக் போன்ற தளங்கள் பெரும்பாலும் தாமே டிக்கெட் விற்பதில்லை. விற்பவரிடம் நம்மை அனுப்பி வைப்பதே அவற்றின் தொழில். சற்றுமுன் யாரோ தேடியபோது கிடைத்த விலையைப் பத்திரப்படுத்தி வைத்து நமக்கும் காட்டுவதுண்டு. அந்த விலைக்கான இருக்கைகள் இதற்குள் விற்றுத் தீர்ந்திருக்கலாம். அதனால் என்ன? பழசை மறக்காத பண்பல்லவா அது!

விற்கும் தளத்தின் உபசாரம் இன்னும் மேல். சென்னையிலிருந்து டெல்லிக்கு இரண்டு பேர் போவதாக வைத்துக்கொள்வோம். பட்டியலில் தலைக்கு ரூ.5,840 என்று பச்சை எழுத்தில் மின்னுகிறது. ஆக ரூ.11,680. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால், நமக்கு வசதி செய்து தந்ததற்காக ஆளுக்கு ரூ.450. நம் உயிர்மேல் உள்ள அக்கறையில், நாம் கேட்காமலே டிக் அடித்து வைத்த காப்பீடு ஆளுக்கு ரூ.249. மொத்தம் ரூ.13,078. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ, எல்லாம் சேர்த்தே ரூ.12,240தான். பட்டியலில் அது கீழே கிடந்ததால் ஏழை விருந்தாளியைப்போல யார் கண்ணிலும் படவில்லை.

இந்த அன்பைப் புரிந்துகொள்ளாத அற்பர்களும் இருக்கிறார்கள். ஒரே விமான எண், ஒரே தேதி, ஒரே பெட்டி எடை என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தளத்திலும் பணம் கட்டும் பக்கம்வரை போய்க் கடைசித் தொகையை மட்டும் குறித்துக்கொள்வார்கள். மலிவு டிக்கெட்டில் பெட்டிக்கு இடம் உண்டா, ரத்து செய்தால் விமான நிறுவனம் பிடிப்பதோடு தளமும் தனியே பிடிக்குமா என்றெல்லாம் துருவுவார்கள். கயாக், மொமொண்டோ இரண்டும் ஒரே முதலாளியுடையவை என்று தெரிந்துகொண்டு, வேறு வீட்டுக் கதவையும் தட்டுவார்கள்.

இன்னொரு அற்பத்தனமும் உண்டு. மலிவு வகுப்பில் ஓர் இருக்கைதான் மிச்சம் என்றால், இரண்டு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது பெரும்பாலும் இருவருக்கும் மேல் வகுப்பு விலையே வரும். இந்த ஆசாமிகள் ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்து, விலை இறங்கினால் தனித்தனியே வாங்கிவிடுவார்கள். டிக்கெட் இரண்டாகப் பிரிவதால் ஒன்றை மாற்றினால் மற்றது கூடவே மாறாது என்று தெரிந்தும் செய்வார்கள்.

இப்படிப்பட்ட நன்றிகெட்டவர்கள் நாட்டில் பெருகிவிட்டால், கேட்காமலே டிக் அடித்துத் தரும் அந்தப் புண்ணியவான்கள் எப்படித்தான் பிழைப்பார்கள்?