டீ ஆறும் முன் தேதி

கீழ்வேளூரில் சம்பா இழப்பீட்டுக் கூட்டம் என்றால் டீயும் உண்டு, வாக்குறுதியும் உண்டு. டீ மட்டும் சூடாக வரும். பக்கத்துக் கிராமத்துக்குப் பணம் வந்து நமக்கு வராதது ஏன் என்று கேட்டால், காப்பீட்டு நிறுவனக் கிளை மேலாளர் "அறுவடைச் சோதனை விவரம் தர்றோம், சீக்கிரம்" என்பார். நெல்லுக்கு வருவாய்க் கிராமமே கணக்கு அலகு. ஐந்துக்கு ஐந்து மீட்டர் துண்டில் அறுத்து எடை போட்ட நெல்தான் ஊரின் தலையெழுத்து. ஆகவே அந்த விவரம் அவசியம்.

டீ ஆறும் முன் தேதி கேட்டுவிட்டு, அன்று மாலையே அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "சோதனை நடந்த சர்வே எண்கள், கிடைத்த மகசூல், உத்தரவாத மகசூல் மூன்றையும் கிளை மேலாளர் 14ஆம் தேதிக்குள் தருவதாக ஒப்புக்கொண்டார். பிழையிருந்தால் மூன்று நாளில் தெரிவிக்கவும்." வேளாண் உதவி இயக்குநருக்கும் ஒரு நகல். சொல்லாத ஒன்றைச் சேர்த்தால், அதைப் பிடித்துக்கொண்டு முழுக் குறிப்பையும் மறுப்பார்கள். தேதி சொல்லாவிட்டால் "தேதி சொல்லவில்லை" என்றே எழுதுங்கள். அந்த வரிக்குத்தான் போன் உடனே வரும்.

இந்தக் குறிப்பு பணம் தராது. ஆனால் மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவில் "அப்படிப் பேசவேயில்லை" என்று சொல்லவும் விடாது. எங்கள் குறிப்புக்கு வந்த ஒரே திருத்தம்: மேலாளர் அல்ல, முதுநிலை மேலாளர்.