வருக வருக, அன்பு உறவே!

மாடித்தோட்டக் குழுவுக்கு யாராவது புதிதாக வந்தால் போதும், அட்மின் சாருக்கு மூக்கில் வியர்த்துவிடும். "இணைந்தார்" என்ற சாம்பல் நிறச் சின்ன எழுத்து திரையில் விழுந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் வரவேற்பு மடல் வந்து குதிக்கும். மனுஷன் குளிக்கிறாரா, சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. இடையில் ஆறு மாசம் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தார். அப்போது வரவேற்பு விடிகாலை மூன்று மணிக்கு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மடல் எப்போதும் ஒரே மடல்தான். மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். மேலே ஒரு வரிசை ரோஜா, கீழே ஒரு வரிசை கும்பிடு, நடுவில் "* அன்பு உறவே! வருக வருக! *" என்று இரண்டு பக்கமும் நட்சத்திரம். வாட்ஸப்பில் நட்சத்திரம் போட்டால் எழுத்து தடிமனாக வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எழுத்தை ஒட்டிப் போட்டால்தான் வரும், நடுவில் இடம் விட்டால் வராது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதனால் எதுவும் தடிமனாவதில்லை. மடல் முழுக்க நட்சத்திரங்கள் மார்கழி வாசலில் சிந்திய கோலமாவு மாதிரி கிடக்கும். நான் ஒரு தடவை தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "அழகா இருக்குன்னு விட்டிருக்கேன் சார்" என்றார்.

அடுத்து விதிமுறைகள், மொத்தம் இருபத்து மூன்று. எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்று வந்துவிடும், வரிசை எண்தான் ஒழுங்காக வராது. ஒன்பதாவது விதி காணாமல் போய்விட்டது. பதினாலு இரண்டு தடவை வருகிறது. ஆனால் அவற்றை வரிசையாகப் படித்தால் குழுவின் சரித்திரமே தெரிந்துவிடும். ஒவ்வொரு விதிக்கும் கீழே ஒரு சண்டை புதைந்திருக்கிறது. "மண்புழு உரம் விலை பேசக் கூடாது" என்றால், யாரோ ஒருவர் மூட்டை மூட்டையாக விற்றிருக்கிறார். "தக்காளிப் படம் ஒரு நாளைக்கு இரண்டு மட்டும்" என்றால், யாரோ ஒரு மேடத்துக்கு அந்த வருஷம் தக்காளி அமோகமாகக் காய்த்திருக்கிறது. "பக்கத்து வீட்டு மாடியைப் படம் எடுத்துப் போடக் கூடாது" என்ற பதினாலாவது விதியின் பின்னால் போலீஸ் ஸ்டேஷன் வரை போன கதை ஒன்று உண்டு. புதிதாக வந்தவருக்கு இது எதுவும் புரியாது. கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அந்தக் குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் விழித்துக்கொண்டு நிற்பார்.

முதல் விதி: காலை வணக்கம் போடக் கூடாது. இதை அட்மின் சார் தினமும் காலை ஐந்தரைக்குக் காலை வணக்கத்துடன் சேர்த்து நினைவூட்டுவார்.

பேரை மாற்ற மறந்துவிடுவது அவருடைய இன்னொரு பழக்கம். பழைய மடலை அப்படியே எடுத்து ஒட்டுவதால், போன வாரம் வந்தவருடைய பேர் இந்த வாரம் வந்தவருக்குப் போய்விடும். ஒரு தடவை, அறுபது வயது அம்மா ஒருவரை "சகோதரர்" என்று வரவேற்றார். தப்பு தெரிந்ததும் அழித்தார். "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று வந்தது. பேரை மாற்றித் திரும்பப் போட்டார். அதற்கு மேலே "மன்னிக்கவும், மேலே உள்ளது தவறுதலாக வந்துவிட்டது" என்று ஒரு மடல். அதற்கு நாலு பேர், "பரவாயில்லை சார்."

அவரோடு முடிந்தாலும் தேவலை. அவர் வரவேற்றால் எல்லோரும் வரவேற்க வேண்டும். குழுவில் தான் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து, தகவல் என்பதைத் திறந்தால் யார் யார் படித்தார்கள் என்று பேரோடும் நேரத்தோடும் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார் போல. ஒரு நாள் எனக்குத் தனியாக வந்தது: "ஏழு இருபத்திரண்டுக்குப் படிச்சிட்டீங்களே சார், ஒரு வார்த்தை வரவேற்கலையே?" அன்றிலிருந்து நானும் ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன். குழுவை ஒலியடக்கலாம்தான். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று வழி இருக்கிறது. எப்போதும் என்பதைத் தொட்டு வைத்திருக்கிறேன். கும்பிடு மட்டும் தப்புவதில்லை.

போன வருஷம் தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு பத்துக்கு. ஏழு பதினொன்றுக்கு ரோஜாக்கள் வந்துவிட்டன. ஏழு பதினாலுக்கு அந்தப் பெண் ஒரு படம் போட்டு, "வணக்கம், எங்க வீட்டு மிளகாய்ச் செடியில இலையெல்லாம் சுருண்டுக்கிட்டே போகுது, என்ன செய்யணும்?" என்று கேட்டார். பாவம், அதற்காகத்தான் சேர்ந்தே இருக்கிறார். அதற்குமேல் "வருக", "நல்வரவு", "வாங்க மேடம்", கும்பிடு, பூங்கொத்து, கைதட்டும் குழந்தை, ஆடும் பூசணிக்காய் எல்லாம் வந்து விழுந்தன. நான் எண்ணினேன், எழுபத்தொன்று. கேள்வி எங்கேயோ மேலே போய்விட்டது. ஒன்பது நாற்பதுக்கு அந்தப் பெண் திரும்பக் கேட்டார். "மேடம், விதி ஆறைப் பார்க்கவும், முதலில் சுய அறிமுகம்" என்று பதில் வந்தது. பேர், ஏரியா, மாடி எத்தனை சதுர அடி, எத்தனை பை, எத்தனை வருஷ அனுபவம். எல்லாவற்றையும் சமர்த்தாக எழுதினார். அதற்கு முப்பத்திரண்டு வரவேற்பு. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவை கேட்டார். அன்றைக்குப் பார்த்து இன்னும் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பொறுக்க முடியாமல் நானே அந்தப் பெண்ணுக்குத் தனியாக எழுதினேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பார்க்க வேண்டும். ஓரங்கள் மேல்நோக்கி மடங்கிப் படகு மாதிரி இருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கீழே பிடித்துக்கொண்டு கொழுந்தைத் தட்டினால், ஊசிமுனை அளவுக்கு நீளநீளமாக ஓடும். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய். எண்ணெய் தண்ணீரோடு சேராது என்பதால் கொஞ்சம் சோப்புக் கரைசல் விட்டுக் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கிப் படகைக் கவிழ்த்த மாதிரி இருந்தால் முரணைச் சிலந்தி. அதற்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு இரண்டு கிராம். ஆனால் எண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளித்தால் இலை கருகிவிடும். அதனால் எது என்று பார்க்காமல் இரண்டையும் அடிக்கக் கூடாது.

"நேத்தே வேப்பெண்ணெய் அடிச்சிட்டேனே அண்ணா" என்று பதில் வந்தது. இலையோ கீழ்நோக்கி மடங்கியிருந்தது. இனி இரண்டு வாரம் கந்தகத்தைத் தொட முடியாது. அதற்குள் பூ கொட்ட ஆரம்பித்துவிட்டது.

அட்மின் சாருக்கு நடுவில் கண்ணில் புரை எடுத்தார்கள். பத்து நாள் போனைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பத்து நாளில் பதினோரு பேர் சேர்ந்தார்கள். ஒரு ரோஜா கிடையாது. வந்தார்கள், கேட்டார்கள், யாரோ பதில் சொன்னார்கள். "வெண்டையில மாவுப்பூச்சி" என்று ஒருவர் கேட்டு நாலாவது நிமிஷம் பதில் வந்தது. குழு தொடங்கியதிலிருந்து இவ்வளவு உருப்படியாக நடந்து நான் பார்த்ததில்லை. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: பத்து நாளும் நிம்மதியாக இருந்தது. பதினோராம் நாள் அவர் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். பதினோரு பேரையும் வரிசையாக, தனித்தனியாக, பாக்கி வைக்காமல் வரவேற்றார். அதில் இரண்டு பேர் ஏற்கெனவே குழுவைவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த மிளகாய்க் கதையை நான் அவரிடம் போட்டு உடைத்தேன். மறுநாள் அந்தப் பெண் எனக்குப் படம் அனுப்பினார். அட்மின் சார் பேருந்து பிடித்துத் தாம்பரம் போயிருக்கிறார். காகிதக் கோப்பைகளில் ஆறு மிளகாய் நாற்று. வாசலிலேயே நின்றாராம், காபி வேண்டாம் என்றுவிட்டாராம். மாடிக்குப் போய், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தாராம். "முரணை. காம்பு நீண்டிருக்கு பாருங்க. இந்தச் செடியைப் பிடுங்கிடுங்க, மத்ததைத் தள்ளி வையுங்க." அவ்வளவுதான் பேச்சு. வாங்க, வருக, உறவே, ஒன்றும் கிடையாது.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்தக் குழுவிலேயே செடி தெரிந்தவர் அவர்தான். இலையைத் திருப்பினால் நோயைச் சொல்கிறவர், மூன்று வருஷமாக நட்சத்திரம் போட்டுக்கொண்டிருக்கிறார். போனில் கேட்டேவிட்டேன்.

"இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏன் சார் குழுவில சொல்றதில்ல?"

"கேட்டா சொல்லுவேனே சார். யாரும் கேக்கலையே."

"அந்தப் பொண்ணு மூணு தடவை கேட்டுது சார்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்படியா? நான் வரவேற்பைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

நான் மெதுவாகச் சொன்னேன்: மடலே வேண்டாம் சார், புதுசா யாராவது வந்தா "வாங்க, உங்க செடிக்கு என்ன?" என்று ஒரு வரி கேளுங்கள், போதும். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அருமை சார், அருமை" என்று இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் சேர்ந்தார். ரோஜா வந்தது, கும்பிடு வந்தது, இருபத்து மூன்று விதிகளும் வந்தன. கடைசியில் புதிதாக ஒன்று:

"* 24. புதிய உறவிடம் அவர் செடிக்கு என்ன என்று அனைவரும் தவறாமல் கேட்க வேண்டும். *"

அறுபத்தெட்டு பேர் கேட்டார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கேட்டேன்.