கருணையும் பொறுமையும் உடையவர்

வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் பரந்தன் தாதி, ஏ9 வீதிச் சந்திக் கடையொன்றில் தட்டச்சுச் செய்விக்கும் ஒற்றைப் பந்தித் தற்குறிப்பு, அதாவது வேலை கொடுப்பவர் சான்றிதழ்களைப் புரட்டுமுன் வாசிக்கும் அறிமுகம், கருணையில் புறப்பட்டுப் பொறுமையைக் கடந்து அர்ப்பணிப்பில் சற்றே இளைப்பாறி முடிவதால், அவர் சொர்க்கத்துக்குத் தகுதியானவர் என்பது விளங்குமே தவிர, எந்த விடுதிக்குத் தகுதியானவர் என்பது விளங்காது.

இதே கை, இரவுக் கடமை முடிந்து அறிக்கைப் புத்தகத்தில் எழுதும்போது பண்புச் சொல் ஒன்றையும் அண்டவிடுவதில்லை. 'ஏழாம் கட்டில், குடல்வால் சத்திரசிகிச்சையின் இரண்டாம் நாள், காய்ச்சல் 38.2, ஆறு மணித்தியாலத்தில் சிறுநீர் 120 மில்லிலீற்றர் மட்டும், வைத்தியருக்கு அறிவிக்கப்பட்டது' என்ற வரியில், மணிக்கு 20 மில்லிலீற்றர் என்பது வளர்ந்தவருக்குக் குறைவு என்ற கவலையும் அதற்கு அவர் செய்த காரியமும் அடங்கியுள்ளன. பயிற்சி மாணவி ஒருத்தி அதே இடத்தில் 'நோயாளி மிகவும் நல்லவர்' என்று எழுதினால் அன்றைய பொழுது அவளுக்கு நல்லபடி விடியாது.

தற்குறிப்பு அவருடைய ஆக்கமும் அன்று. முன்னர் கடல் கடந்த ஆண் தாதி ஒருவருடைய பந்தி கைமாறிக் கைமாறி வந்ததால், ஆங்கிலத்தின் ஆண்பாற் பிரதிப்பெயர் ஓரிடத்தில் திருத்தப்படாமல் தங்கிவிட, விண்ணப்பதாரி மூன்றாம் வாக்கியத்தில் ஆணாகி, நான்காம் வாக்கியத்தில் மீண்டும் பெண்ணாகிறார். தகப்பன் பெயரும் சமயமும் கலியாணப் பொருத்தத்துக்குப் போல இடம்பெறுகின்றன. இலங்கைத் தாதியர் பேரவைப் பதிவு மட்டும் இடம்பெறுவதில்லை.

இது சிரிப்புக்குரியதன்று, இழப்புக்குரியது. பிரித்தானியத் தாதியர் பதிவுக்கு ஐஈஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வில் வாசிப்பு, கேட்டல், பேச்சு ஆகியவற்றில் 7உம் எழுத்தில் 6.5உம் வேண்டியிருக்க, நான்கு புள்ளிகளையும் கையில் வைத்துக்கொண்டு 'ஆங்கிலத்தில் சரளம்' என்று எழுதுபவரின் விண்ணப்பம், புள்ளிகளே இல்லாதவரின் விண்ணப்பத்தோடு ஒரே கட்டுக்குள் சேர்கிறது. மூன்றாண்டுப் பயிற்சி, பதிவு, எட்டாண்டுச் சத்திரசிகிச்சை விடுதி அனுபவம், 30 கட்டில்களை இரவில் இருவராகப் பார்த்தமை, குருதியேற்றல், காயப் பராமரிப்பு, தேர்வுப் புள்ளிகள், வேலையில் சேரக்கூடிய மாதம் என்பன ஐந்து வாக்கியங்களில் அடங்கும்.

அவ்வாறு திருத்திக் கொடுத்தால் இந்த வகைத் தாதி இருமுறை வாசித்து, "இதில என்னைப் பற்றி ஒண்டுமே இல்லையே அண்ணை" என்று மெல்ல வருந்தி, கடைசி வரியில் கருணையை மட்டுமாவது சேர்த்துவிடும்படி கடைக்காரரைக் கேட்பார்.