ஓரம் நேர், உரை கோணல்

1886இல் எழுதிய ஒரு குத்தகைப் பத்திரத்தை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைகிறது. அந்தப் பெரியாற்றுக் குத்தகைக்கு ஆயுள் 999 வருஷம். இன்று அதே பள்ளத்தாக்கில் தட்டச்சாகி வரும் கிரையப் பத்திரத்தையோ, வாங்கியவன் வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் ஒரு மூச்சில் வாசிக்க முடிவதில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்யும் அட்டூழியம் இது.

“தாங்களே ஆண்டனுபவித்துக்கொள்ளவேண்டியது” என்று பத்திரத்தில் ஒரு வாசகம் வரும். இரண்டாவது சொல்லுக்கு மட்டும் பதினேழு எழுத்து. வரியில் இடம் போதாவிட்டால் அது முழுசாகக் கீழே இறங்கிவிடும். மேலே மிஞ்சிய மூன்று நான்கு சொற்களை வைத்துக்கொண்டு, வலது ஓரத்தைத் தொட்டே தீர வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை. அது என்ன செய்யும்? சொல்லுக்குச் சொல் இடைவெளியை இழுக்கும். “மேற்படி” இந்தக் கரையில், “சொத்தை” அந்தக் கரையில். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம். வரியை முடிக்க Shift+Enter தட்டும் பழக்கம் இருந்தால் இன்னும் கொண்டாட்டம். வரியில் இரண்டே சொல் இருந்தாலும் அவை ஆளுக்கொரு ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும்.

ஏனப்பா இப்படி என்று கேட்டால், “ஓரம் நேரா இருந்தாத்தாண்ணே பத்திரம் மாதிரி இருக்கும்” என்று பதில் வருகிறது. கையால் எழுதிய பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதிலும் ஓரம் நேராகத்தான் இருக்கும். எழுதியவர் வரி முடிகிற இடத்தில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குப் போனார். நடுவில் சந்து விடவில்லை. மிச்ச இடம் இருந்தால் கோடு இழுத்து மூடினார். சந்து இருந்தால் பிறகு எவனாவது ஒரு சொல்லைச் செருகுவான் என்ற பயம் அது. 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் இந்தப் பயத்தைத்தான் பேசுகிறது. வரியிடைச் செருகல், வெற்றிடம், அழிப்பு, திருத்தம் எது இருந்தாலும் எழுதிக்கொடுப்பவர் அதன் அருகே கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட வேண்டும். போடாவிட்டால் பதிவு அலுவலர் பத்திரத்தை ஏற்க மறுக்கலாம். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகிற பத்திரத்தில்தான் பக்கத்துக்கு முப்பது பொந்து.

இடைவெளி பிடிக்காத தட்டச்சாளர் ஒருவர் உண்டு. அவர் சொல்லையே வெட்டுவார், அதுவும் எங்கே வேண்டுமானாலும். “விற்கவில்லை” என்பது பக்கத்தின் அடியில் “விற்க” என்று நிற்கும்; “வில்லை” அடுத்த பக்கத்தில். “கொடுக்கப்படவில்லை” என்பதில் “ப்படவில்லை” புது வரியைத் தொடங்கும். வரியின் தலையில் புள்ளி எழுத்து வரக் கூடாது என்பது அச்சுக்கோத்த பழைய ஆட்களுக்குக் கை தானாகச் செய்த காரியம். இவருக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

சொத்து விவரம் அட்டவணைக்குள் போனால் கூத்து முற்றுகிறது. பாமினி எழுத்துருவில் “தென்னந்தோப்பு” என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குத் தெரிவது இதுதான்:

```
njd;de;Njhg;G
```

அதன் கண்ணில் இது ஏதோ ஆங்கில எழுத்துக் குப்பை. கட்டம் ஒடுங்கி, சொல் கொள்ளாவிட்டால் கைக்கு வந்த இடத்தில் முறிக்கும். `N` என்பது இரட்டைக் கொம்பு. அதற்கும் `j`க்கும் நடுவே முறித்தால் கொம்பு மட்டும் மேல் வரியில் தொங்கும், கீழே “தாப்பு” கிடக்கும். காலமெல்லாம் உழைத்த காசைப் போட்டு ஒருவன் தாப்பு வாங்கியிருக்கிறான்! யூனிகோடில் கொம்பும் எழுத்தும் பிரியாது. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. சில கடைகளுக்கு அந்தச் சேதி இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது போலும்.

எண்களின் கதி தனி. “1 ஏக்கர் 25 சென்ட்” என்பதில் 25 வரிக்கடைசியில், சென்ட் அடுத்த வரியில். சர்வே எண்ணைச் சாய்கோட்டுக்கு இருபுறமும் இடம் விட்டு 412 / 3 என்று அடித்தால் உட்பிரிவு தனியே கழன்றுவிடும். படிக்கிறவர் 412 முழுவதும் தன்னுடையது என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் மருந்து கிடையாதா? கிடக்கிறது, தொடுவாரில்லை. எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே Ctrl+Shift+Space அடித்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். நீளச் சொல்லில் முறிக்கத் தக்க இடத்தில் Ctrl+- அடித்துவைத்தால் தேவைப்படும்போது அங்கே மட்டும் முறியும். எதுவும் வேண்டாமென்றால் Ctrl+L தட்டி உரையை இடப்பக்கம் ஒட்டவிடுங்கள். வலது ஓரம் கொஞ்சம் பல்லிளிக்கும், சொல் பிழைத்துக்கொள்ளும். ஓரத்தை நேராக்கும் Ctrl+J இருக்கிற இடத்திலிருந்து இரண்டு விசை தள்ளித்தான் அந்த L.

இழுத்துவிட்ட இடைவெளி 20ஆம் பிரிவு சொல்லும் வெற்றிடம் ஆகுமா ஆகாதா என்று வக்கீல்கள் வருஷக்கணக்கில் வாதாடட்டும். எந்த ஊர்ச் சார்பதிவாளராவது ஒரே ஒரு நாள், “இந்தப் பொந்து ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாய்யா” என்று ஒரு பத்திரத்தைத் திருப்பி அனுப்பட்டும். சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் அத்தனை கடையும் L எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துவிடும்.