பார்சல் அக்காவின் செயற்பாட்டுப் பகுதி

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் ஒரு பார்சல் அக்கா இருப்பார். விடிய ஆறரைக்கு உட்துறைமுக வீதியால் வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிள் கைபிடிகளில் தொங்குவது அவருடைய இடியப்பம்தான். ஆளுக்கு ஆள் முகம் மாறும், குணம் மாறாது. வந்த ஓடரை வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அளவு கேட்டால் கையைக் காட்டுவார்.

இந்த அக்கா ஒருநாள் வீட்டுக் குசினியை விட்டு வாடகைக் குசினிக்கு மாற முடிவெடுப்பார். வங்கி வணிகத் திட்டம் கேட்கும். சந்தை, போட்டி, எதிர்காலம் எல்லாவற்றையும் கொழும்பில் படிக்கிற மருமகன் அழகாக எழுதி அனுப்பிவிடுவான். ‘செயற்பாடு’ என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் ஒரே ஒரு வரி இருக்கும்: ‘காலையில் சமைத்து விற்கப்படும்.’ அப்போதுதான் என்னைப் போன்ற அயலவனுக்கு ஆள் அனுப்புவார்.

“ஒரு நாளைக்கு எத்தனை பார்சல், அக்கா?”

“இப்ப அறுபது. அங்க போனா நூற்றைம்பது போடலாம் தம்பி. இடம் பெருசுதானே.”

இடம் பெருசுதான். ஆனால் இடியப்பம் அவிவது சட்டிக்குள். அக்காவின் சட்டியில் ஒரு தடவைக்கு நாற்பது வைக்கலாம். ஏற்றி, அவித்து, இறக்கப் பத்து நிமிடம். பார்சலுக்குப் பத்து என்றால் அறுபது பார்சலுக்கு 600 இடியப்பம், பதினைந்து தடவை, இரண்டரை மணித்தியாலம். விடிய மூன்று மணிக்கு எழும்பினால் சமாளிக்கலாம். நூற்றைம்பதுக்கு 1,500 இடியப்பம், 38 தடவை, ஆறு மணித்தியாலமும் இருபது நிமிடமும். ஆறரைக்குப் பார்சல் கொடுக்க வேண்டுமென்றால் நள்ளிரவு 12.10க்கு முதல் தட்டு ஏற வேண்டும்.

“அப்ப ரெண்டு சட்டி வாங்குவம்,” என்றார் அக்கா, கணக்கைத் தோற்கடித்த சந்தோஷத்தில்.

வாங்கலாம். நேரம் பாதியாகும். ஆனால் இரண்டு சட்டியும் சும்மா நிற்காமலிருக்கப் பத்து நிமிடத்துக்கு எண்பது பிழிய வேண்டும், ஏழரை விநாடிக்கு ஒன்று. மணிக்கூட்டைப் பிடித்துப் பார்த்தோம். அக்காவின் நல்ல வேகம் எட்டு விநாடி. அதுவும் சொதியைத் துழாவாமல், போன் எடுக்காமல், மாமியோடு கதைக்காமல். ஆகவே திட்டத்தில் சட்டியோடு இன்னொரு சோடிக் கையும் ஏறியது, சம்பளத்தோடு. வங்கிக்காரர் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். எது வேலையைத் தாமதப்படுத்துகிறது என்று தெரிந்தவருக்குத்தான் காசு எங்கே போகும் என்றும் தெரியும்.

பணியாளர் பட்டியலைத் தொட்டபோதுதான் வீடு இதுவரை இலவசமாகக் கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. தேங்காய் திருவுவது மாமி. கொண்டுபோய்க் கொடுப்பது அத்தானின் மோட்டார்சைக்கிள். சாமான் வைப்பது வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியில். அஞ்சு பார்சலுக்கு ஒரு தேங்காய் என்றாலும் தினம் முப்பது தேங்காய். மாமி வாடகைக் குசினிக்கு வருவாரா?

“ஓட்டோ பிடிச்சா வருவா. ஆனா முழங்கால் நோ. குந்தி இருக்கமாட்டா.”

மாமியின் இடத்தில் மின்சாரத் திருவலை எழுதினோம். மாமி அதைக் கேட்டு இரண்டு நாள் கதைக்கவில்லை.

பி.எச்.ஐ. வந்து பார்க்கப்போவதையும் எழுத வேண்டும். அவருக்கு இடியப்பத்தின் மென்மை தேவையில்லை. பச்சைச் சாமான் ஒரு பக்கத்தால் வந்து, அவிந்த சாப்பாடு மறுபக்கத்தால் போகிறதா, இரண்டும் நடுவில் முட்டிக்கொள்கிறதா என்பதுதான் அவருக்குத் தேவை. அக்கா பார்த்துவைத்த குசினிக்கு ஒரே ஒரு கதவு. ஆகவே பாதையைப் பிரிக்க முடியாமல் நேரத்தைப் பிரித்தோம். தேங்காயும் மரக்கறியும் முதல்நாள் பின்னேரமே வந்து, கழுவி, அடுக்கப்படும். விடியற்காலையில் அந்தக் கதவால் பார்சல் மட்டுமே போகும். கழிவுத் தொட்டிக்கு இறுக்கமான மூடி என்றும் எழுதினோம். மற்ற ஊரில் இது சம்பிரதாயம். இங்கே தெருவில் திரியும் மான்கள் மூடியில்லாத தொட்டிக்குள் தலையை விட்டு லஞ்ச் ஷீட்டையும் சேர்த்துத் தின்னும்.

சொதியில் அக்கா பிடிவாதம் பிடித்தார். தேங்காய்ப்பால் வைகாசி வெக்கையில் சூடு இறங்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். அறுபது பாகைக்குக் கீழே வைத்திருக்கக்கூடாது, வெப்பமானி வாங்குங்கள் என்றேன்.

“நான் ஒரு சொட்டு நாக்கில வச்சாலே தெரியும்.”

“நாக்குக்குப் பழுதாகினதுக்குப் பிறகுதான் தெரியும் அக்கா.”

வாங்கச் சம்மதித்தார், ஆனால் நாக்கும் இருக்கட்டும் என்ற நிபந்தனையோடு. இரண்டையும் எழுதினேன்.

வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்தேன். ஒரு வருடம். கடனோ மூன்று வருடம். இரண்டாம் வருடம் வீட்டுக்காரர் சாவியைக் கேட்டால் சட்டியை எங்கே வைப்பது? “அவர் நல்ல மனுசன்,” என்றார் அக்கா. நல்ல மனுசனிடம் மூன்று வருடத்துக்குக் கையெழுத்து வாங்குவது கஷ்டமில்லையே என்று அனுப்பிவைத்தேன். வாங்கிவிட்டார், கூடவே பத்துப் பார்சலுக்கு ஓடரும் எடுத்துக்கொண்டு வந்தார்.

கடைசிக் கேள்வி, அக்காவுக்குச் சுகமில்லாவிட்டால்? வயிற்றோட்டமோ காய்ச்சலோ இருக்கிறவர் அடுப்படிக்குப் போகக்கூடாது.

“எனக்குக் காய்ச்சல் வாறேல்ல.”

வங்கிக்கு அப்படி எழுத ஏலாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, உப்புவெளியில் இருக்கிற தங்கச்சியின் பெயரைச் சொன்னார். எழுதிவிட்டு, அவவுக்குச் சட்டி, உரல், நேரம் எல்லாம் பழக்கமா என்று கேட்டேன்.

“பழக்கலாம் தம்பி. முதல்ல அவவுக்குச் சொல்லவேணும்.”