காற்புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்

ஜெர்மன் நிறுவனத்துக்கு இன்வாய்ஸ் எழுதும் வெளிநாட்டுக்காரர் முதலில் கேள்விப்படுவது இதுதான்: அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி, நம் வழக்கத்துக்கு நேர் தலைகீழ். அதனால் கடைசி வரியில் வரும் மொத்தத் தொகையைத்தான் பலரும் பயந்து பயந்து சரிபார்க்கிறார்கள். உண்மையான ஆபத்து இருப்பது அதற்கு மேலே, அளவு எழுதும் வரியில்.

பெர்லினில் இருந்துகொண்டு தனியாகத் தொழில் செய்யும் ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாயிரத்து நானூற்று எண்பது சொற்களை, சொல்லுக்குப் பதினொரு சென்ட் வீதம் மொழிபெயர்த்திருக்கிறார். அவருடைய இன்வாய்ஸ் இப்படி இருக்க வேண்டும்:

```
12 480 Wörter × 0,11 €     1.372,80 €
Umsatzsteuer 19 %            260,83 €
Rechnungsbetrag            1.633,63 €
```

பழக்கதோஷத்தில் அவர் தொகையை 1,372.80 என்று எழுதிவிட்டால், படிப்பவர் முகம் சுளிக்கலாம். ஆனால் தவறாகப் படிக்கமாட்டார். இரண்டு குறிகளும் அதிலேயே இருப்பதால் எது எதுவென்று எண்ணே சொல்லிவிடுகிறது. 260.83 என்று எழுதினாலும் அப்படித்தான்: ஆயிரம் பிரிக்கும் குறிக்குப் பின் இரண்டே இலக்கம் வராது. ஆனால் அளவை 12,480 என்று எழுதினால் கதை வேறு. ஒரே ஒரு குறி, அதற்குப் பின் சரியாக மூன்று இலக்கம். ஜெர்மானியர் கண்ணுக்கு அது பன்னிரண்டரைக்கும் சற்றுக் குறைவு. மனிதர் என்றால் அரைச் சொல்லை யாரும் மொழிபெயர்ப்பதில்லை என்று யோசித்துச் சரியாகப் புரிந்துகொள்வார். ஜெர்மன் அமைப்பில் ஓடும் எக்செல் யோசிக்காது; பெருக்கி 1,37 யூரோ என்று காட்டும்.

இதற்காகவே மேலே சொல் எண்ணிக்கையில் புள்ளியும் வைக்காமல் வெறும் இடைவெளி விட்டிருக்கிறேன். ஜெர்மன் அலுவலகக் கடிதங்களுக்கான டி.ஐ.என். 5008 தரவிதி எண்களை மூன்று மூன்றாக இடைவெளியால் பிரிக்கச் சொல்கிறது. பணத்துக்கு மட்டும், நடுவில் யாரும் இலக்கம் செருகிவிடாதபடி, புள்ளியைப் பரிந்துரைக்கிறது. யூரோ குறியும் சதவீதக் குறியும் எண்ணுக்குப் பின்னால், ஓர் இடைவெளி விட்டு வரும். அந்த இடைவெளி வரி உடையாத இடைவெளியாக இருக்கட்டும். வேர்டில் கன்ட்ரோல், ஷிப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கிடைக்கும். இல்லையென்றால் தொகை ஒரு வரியிலும் யூரோ அடுத்த வரியிலும் போய் நிற்கும். நம் ஊர் லட்சக் கணக்குப்படி 1,25,000 என்று பிரிப்பதை அங்கே முற்றிலும் மறந்துவிட வேண்டும்.

மணிக்கணக்கில் வேலை செய்பவருக்கு இன்னொரு பொறி உண்டு. ஜெர்மன் எக்செலில் மூன்றரை மணி நேரத்தை `3.5` என்று அடித்தால் அது மே மாதம் மூன்றாம் தேதியாக மாறிவிடும். `1,372.80` என்று அடித்தால் வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு கூட்டலில் விட்டுவிடும். அப்படி எழுத்தாகிவிட்டதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கட்டத்தைப் பார்ப்பது: எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும்.

தேதியிலும் இதே குணம்தான். 25/04/2025 யாரையும் குழப்பாது. 03/04/2025 குழப்பும், ஏனென்றால் இரண்டு எண்ணுமே மாதமாக இருக்கலாம். நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை நமக்கும் ஜெர்மனிக்கும் ஒன்றே. சாய்கோடுதான் தொல்லை, அமெரிக்க மென்பொருளின் படிவத்தில் அது மாதத்தை முன்னால் வைத்துவிடும். 03.04.2025 என்று புள்ளி வைத்தால் ஜெர்மனியில் அது ஏப்ரல் மூன்றுதான். இன்வாய்ஸ் தேதியோடு வேலை நடந்த காலத்தையும் தனியே குறிக்க வேண்டும். அதற்கு மாதமும் ஆண்டும் எழுதினாலே போதும்.

அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால், அதே எண்ணில் புதுத் தாளை அச்சடித்துச் சத்தமில்லாமல் மாற்றிவைக்கக் கூடாது. பழைய இன்வாய்ஸின் எண்ணைத் தெளிவாகச் சுட்டித் திருத்தம் அனுப்ப வேண்டும். வரித் தொகையில் பிழை என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது: கூடுதலாகக் காட்டிய வரிக்கும் எழுதியவரே பொறுப்பு என்கிறது மதிப்புக்கூட்டு வரிச் சட்டத்தின் 14சி பிரிவு.

இப்போது பரவிவரும் எக்ஸ்ரெஷ்னுங் என்ற மின்-இன்வாய்ஸின் உள்ளே இதெல்லாம் மறுபடியும் தலைகீழாகிறது. கோப்பில் தொகை `1372.80` என்றே நிற்கும்: தசமத்துக்குப் புள்ளி, ஆயிரத்துக்கு எந்தக் குறியும் கிடையாது. அந்த மாற்றத்தை மென்பொருள் செய்யும். ஆனால் அதனிடம் நீங்கள் எண்ணை எந்த முறையில் அடித்துக் கொடுக்கிறீர்களோ அதைத்தான் அது நம்பும்.

ஆகவே அனுப்பும் முன் மொத்தத்தைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். ஒரே குறியும் பின்னால் மூன்று இலக்கமும் உள்ள எண் எங்கேனும் இருக்கிறதா என்று தேடி, அதை மட்டும் இரண்டாம் முறை படியுங்கள்.